வாடைக்கு ஒரு கரை, சோழகத்துக்கு ஒரு கரை

பவளப்பாறை பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை!

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம் அந்தமானுக்குப் போயிருந்தேன். ஹேவ்லாக் என்று நாம் சொல்லிப் பழகிய, 2018-லிருந்து ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய அதே இடம். விமான டிக்கெட்டும் அறை வாடகையும் பாதி விலைக்குக் கிடைத்த சந்தோஷத்தில், ஏன் பாதி விலை என்று யோசிக்கவில்லை. முதல் இரண்டு நாள் படகு கிளம்பவே இல்லை. மூன்றாம் நாள் மழை சற்று ஓய்ந்த நேரம் பார்த்து ஒருவர் எங்களைக் கடலுக்கு அழைத்துப் போனார். மாஸ்க்கை மாட்டித் தண்ணீருக்குள் முகத்தை வைத்தால், மோர் நிறத்தில் ஒரு திரை. நீட்டிய கையின் விரல்கள் தெரிந்தன, அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஸ்நார்கெல் குழாய்க்குள் அலை புகுந்து மூன்று முறை உப்புத்தண்ணீர் குடித்தேன். கரையேறியதும் "கடல்னா இப்படித்தான் சார் இருக்கும்" என்று பணத்தை எண்ணிக்கொண்டே சொன்னார் அவர்.

அந்தக் கரையில் அந்த மாதத்தில் கடல் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தால் சரி. அதே ஜூனில் திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் நின்றிருந்தால், இடுப்பளவு தண்ணீரில் என் கால் விரல்களை எண்ணியிருப்பேன். நான் செய்த தப்பு ஒன்றே ஒன்று. முதலில் ஊரை முடிவு செய்தேன், பிறகு விலையைப் பார்த்தேன், மாதத்தைப் பார்க்கவே இல்லை. கடலுக்குள் பவளப்பாறை பார்க்கப் போவதென்றால் வரிசை வேறு. முதலில் மாதம், அடுத்து கரை, கடைசியில் நம்மோடு வருகிறவர்களில் தண்ணீருக்கு அதிகம் பயப்படுபவர் யார் என்பது.

காற்று எந்தப் பக்கம்?

நம் பக்கத்துக் கடலை இரண்டு காற்றுகள் பங்குபோட்டு ஆள்கின்றன. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வருவது ஒன்று. இலங்கைக் கடலோரத்தில் இதைச் சோழகம் என்பார்கள். அக்டோபரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வருவது வாடை. காற்று நேராக மோதுகிற கரையில் அலை எழும்பும். அலை அடிமணலைக் கிளப்பும். காற்றோடு வரும் மழையில் ஆறுகள் கொண்டுவரும் சேறும் அதோடு சேர்ந்துகொள்ளும். இந்த மூன்றும் சேர்ந்தால் பவளப்பாறை அங்கேயே இருக்கும், நம் கண்ணுக்குத்தான் தெரியாது.

காற்றுக்கு முதுகைக் காட்டுகிற கரையில் நிலைமை தலைகீழ். இதை இலங்கையில் பார்ப்பதுபோல் வேறெங்கும் தெளிவாகப் பார்க்க முடியாது. நடுவே மலைகளோடு ஒரு தீவு. அதற்கு மேற்கே ஒரு கடல், கிழக்கே ஒரு கடல். சோழகம் வீசும்போது ஹிக்கடுவை, உனவட்டுன உள்ள தென்மேற்குக் கரை அடிவாங்கும், திருகோணமலை ஓய்வெடுக்கும். வாடை வந்தால் திருகோணமலை கலங்கும். மகாவலி ஆறு அங்கே கொட்டியாரக் குடாவில்தான் கலக்கிறது என்பதால், மழை மாதங்களில் கலங்கல் இன்னும் கூடும். அப்போது ஹிக்கடுவையின் முறை. ஒரே நாட்டில், ஒரு பகல் பயண தூரத்தில், வருடத்தின் பெரும்பாலான மாதங்களில் ஏதாவது ஒரு கரை நமக்காகத் திறந்திருக்கும்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அதைப் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் வைத்தார்கள். வாடை ஓய்ந்து, சோழகம் இன்னும் தொடங்காத இடைவெளி அது. கருவி எதுவுமில்லாமல் மூச்சை அடக்கி இறங்கியவர்களுக்கு அடித்தளம் தெரிவதும் படகு அசையாமல் நிற்பதும் உயிர்ப் பிரச்னை. இன்றைக்கும் அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு எல்லாவற்றிலும் கடல் மிக அமைதியாக இருக்கும் மாதங்களைக் கேட்டால் இந்தப் பதிலையே ஒட்டித்தான் சொல்வார்கள்.

மதுரையிலிருந்து நாலு பேர்

என் தங்கை குடும்பத்தை வைத்தே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். மாப்பிள்ளை கிணற்றில் நீச்சல் படித்தவர். தங்கைக்கு நீச்சல் தெரியாது, மூக்குக் கண்ணாடி வேறு. மகனுக்கு 14 வயது, ஸ்கூபா செய்தே தீருவேன் என்கிறான். மகளுக்கு 9. பள்ளி விடுமுறை, அலுவலக விடுமுறை இரண்டும் ஒத்துவருவது மே மூன்றாவது வாரத்தில் மட்டும். அந்தமானுக்கு டிக்கெட் பார்க்கச் சொல்லித்தான் எனக்குப் போன் வந்தது.

அந்தமானில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாகத் தொட்டுவிடுவது அதே மே மூன்றாவது வாரத்தில்தான், கேரளத்துக்குச் சுமார் பத்து நாள் முன்னதாகவே. அதிர்ஷ்டம் இருந்தால் கடைசி நல்ல வாரம், இல்லையென்றால் என் ஜூன் கதை. லட்சத்தீவின் அமைதியான காயல்கள் இந்தக் குடும்பத்துக்கு அளவெடுத்துத் தைத்தவை. ஆனால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், மே நடுவிலேயே அங்கும் பருவம் முடிகிறது. மாலத்தீவில் மே மாதம் காற்று மாறுகிற நேரம். தவிர, பல தீவுகளில் ஆழமில்லாத மணல்திட்டு சட்டென்று முடிந்து, பவளச்சுவர் செங்குத்தாக நீலத்தில் இறங்கும். நீந்துகிறவருக்கு அது சொர்க்கம். காலுக்குக் கீழே தரை காணாமல் போனால் உறைந்துவிடுகிறவருக்கு, அந்த ஒரு நொடி முழு விடுமுறையையும் கெடுத்துவிடும்.

மிச்சம் இருந்தது திருகோணமலை. மே இரண்டாம் பாதிக்குள் அங்கே பருவம் கதவு திறந்துவிடும், செப்டம்பர் வரை மூடாது. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் புறாமலை என்கிற புறாத்தீவு. 2003-லிருந்து அது தேசியப் பூங்கா. படகில் பத்து, பதினைந்து நிமிடம். இறங்குவது கரையில், அங்கிருந்து நடந்தே தண்ணீருக்குள் போகலாம். முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று கடல் படிப்படியாக ஆழமாகும். சில அடிகளிலேயே பவளமும் மீனும் தொடங்கிவிடும். கருமுனைச் சுறாக் குட்டிகள்கூட ஆழம் குறைந்த அந்தத் தண்ணீரில் சுற்றும். மனிதரைக் கண்டால் அவைதான் விலகிப் போகும்.

புதியவர்களுக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பவளத்தின் அழகைவிட நான் அதிகம் மதிப்பது இந்த 'நடந்து இறங்குதல்' என்பதைத்தான். படகின் விளிம்பிலிருந்து ஆழத்தில் குதிப்பதற்கும், மணலில் காலூன்றி நின்றபடி முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்துப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் பயத்துக்குத்தான் தெரியும். பயம் வந்தால் எழுந்து நிற்கலாம் என்ற உத்தரவாதம் இருந்தால், பாதிப் பேருக்குப் பயமே வருவதில்லை.

புறாமலைக்குக் குறைகளும் உண்டு. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரர்களுக்கு உள்ளதைவிடப் பல மடங்கு, படகு வாடகை தனி. வார இறுதியில் கூட்டம் நெரியும். கரையெங்கும் உடைந்த பவளத் துண்டுகள் கிடப்பதால், ரப்பர் செருப்போடு நடந்தால் கால் வெட்டுப்படும். அதனால் வாரநாளில், காலை முதல் படகில், காலை மூடும் ஷூவோடு போக ஏற்பாடு செய்தோம். சுற்றுலாவின் மற்ற பகுதிகளையும் இந்த வசதிக்குத் தகுந்தபடி மாற்றிப்போட்டோம். அதில் ஒரு மாற்றம் ஸ்கூபாவோடு சம்பந்தப்பட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இடுப்பளவு தண்ணீரில் பதினைந்து நிமிடம்

நானும் கூடப் போயிருந்தேன். புறாமலைக்குப் போவதற்கு முதல் நாள் மாலை, விடுதிக்கு முன்னால் மணற்கரையில் தங்கையை நிறுத்தினேன். மாஸ்க் சரியான அளவா என்று பார்க்க எளிய வழி உண்டு. வாரைத் தலையில் மாட்டாமல், மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுத்துக் கையை எடுத்துவிட வேண்டும். கீழே விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. நழுவினால் வாரை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் புகும். மீசை அடர்த்தியாக உள்ளவர்களுக்கு மேலுதட்டுப் பக்கம் கசியத்தான் செய்யும். மாப்பிள்ளை மீசையின் மேல்வரிசையைக் கொஞ்சம் ஒதுக்க வேண்டியதாயிற்று, வீட்டில் அதுவே பெரிய சேதி. தங்கைக்குப் பவர் வைத்த மாஸ்க்கை முன்பே கேட்டு வைத்திருந்தோம். மங்கலாகத் தெரிகிற கடல், தெரியாத கடலைவிடப் பயமுறுத்தும்.

அடுத்தது மூச்சு. மூக்கை மாஸ்க் அடைத்துக்கொள்வதால் வாயால்தான் மூச்சு விட வேண்டும். பழக்கமில்லாதவர்களின் உடம்பு முதல் ஒரு நிமிடம் இதை எதிர்க்கும், மூச்சு வேகமாகும், நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கும். இதை ஆழ்கடலில் முதல்முறை அனுபவிப்பதுதான் பெரும்பாலான பீதிகளுக்குக் காரணம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, குனிந்து முகத்தை மட்டும் நனைத்து, மெதுவாக இருபது மூச்சு எண்ண வைத்தேன். பிறகு குழாய்க்குள் வேண்டுமென்றே கொஞ்சம் தண்ணீர் விட்டு, 'ஃபூ' என்று ஒரே ஊதலில் வெளியே தள்ளச் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. தண்ணீர் உள்ளே வந்தால் வெளியேற்றத் தெரியும் என்றானபின், அவள் தோள் இறங்கியது கண்ணுக்கே தெரிந்தது.

மறுநாள் படகுக்காரர், தங்கையின் லைஃப் ஜாக்கெட் வாரை இறுக்கிவிட்டபடி சொன்னார்: "அக்கா, தண்ணி அமைதியாக் கிடக்குதெண்டு நம்பி விட்டுடாதேங்கோ. இப்ப காத்து கரையிலயிருந்து கடலுக்குத்தான் அடிக்குது. ரப்பர் வளையத்தில பிள்ளையை மிதக்க விட்டா, நீங்க பாக்கிறதுக்குள்ள அது போயிடும்."

இது ஒதுக்கமான கரைகளுக்கே உரிய பொறி. காற்று முதுகுப் பக்கமிருந்து வருவதால் கரையோரம் அலை இல்லை, தண்ணீர் கண்ணாடி. அதே காற்றுதான் மிதக்கும் எதையும் வெளியே தள்ளுகிறது. இதற்குப் பழைய விதி ஒன்று உண்டு: போகும்போது கஷ்டமான திசையில் போ, திரும்பும்போது சுலபமான திசையில் வா. நங்கூரமிட்ட படகுகளைப் பார்த்தால் திசை புரியும். எல்லாப் படகும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றால், காற்றோ நீரோட்டமோ அந்தப் பக்கம் போகிறது. கால்களை அசைக்காமல் ஒரு நிமிடம் மிதந்து, கீழே உள்ள ஒரு பாறையைப் பார்த்துக்கொண்டிருங்கள். பாறை நகர்ந்தால், நகர்வது நீங்கள்தான்.

காது திறந்தால் கடல் திறக்கும்

மகனுக்கு ஸ்கூபா மூன்றாம் நாள். சான்றிதழ் இல்லாதவர்களுக்கான அறிமுக டைவில், பயிற்சியாளர் கூடவே இருப்பார், அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். சொந்தமாக டைவ் செய்யும் முதல்நிலைச் சான்றிதழுக்கு மூன்று, நான்கு நாள் வேண்டும், எல்லை 18 மீட்டர். பெரும்பாலான பயிற்சி அமைப்புகளில் இந்த இரண்டுக்கும் குறைந்தபட்ச வயது 10. மகளுக்கு ஒரு வருடம் குறைந்தது. அழுதாள், ஆனால் வயதில் பேரம் பேசுகிற கடையில் டைவ் செய்யக் கூடாது.

முதலில் ஒரு மருத்துவக் கேள்வித்தாள் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவைச் சிகிச்சை பற்றிய கேள்விகள். பலர் படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுகிறார்கள். காரணம் தெரிந்தால் போட மாட்டார்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்காமல் தொடர்ந்து சுவாசித்துக்கொண்டே ஏறினால் அது தானாக வெளியேறிவிடும். மூச்சுக்குழாய் சுருங்கிய ஆஸ்துமாக்காரருக்கு அந்தக் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளலாம். "எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதே" என்பது ஸ்கூபாவின் முதல் விதியானது இதனால்தான்.

இறங்கும்போது படுத்துவது காது. அழுத்தத்தின் மாற்றம் மேல் சில மீட்டர்களில்தான் அதிகம் உறைக்கும். நீச்சல்குளத்தின் அடியைத் தொட்டவர்களுக்கு அந்த வலி தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்மையாக ஊதினால் காதுக்குள் 'டப்' என்று திறக்கும். வலி வந்தபிறகு ஊதினால் திறக்காது, வருவதற்கு முன்பே, அரை மீட்டருக்கு ஒருமுறை ஊத வேண்டும். மகன் கயிற்றைப் பிடித்துக் கால் கீழாக இறங்கினான். இரண்டு மீட்டரில் ஒரு காது அடைத்துக்கொண்டது, கையை ஆட்டிக் காட்டினான். பயிற்சியாளர் அவனைக் கீழே இழுக்கவில்லை. அரை மீட்டர் மேலே தூக்கி, காத்திருந்து, மறுபடி ஊதச் சொன்னார். நான்காவது முயற்சியில் திறந்தது. மொத்தம் ஏழு நிமிடம் போனது, அவர் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆறு மீட்டரில் அரைமணி நேரம் இருந்துவிட்டு வந்தான். சளி பிடித்திருந்தால் இது நடந்திருக்காது. மருந்து போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்குவதும் ஆபத்து, மருந்தின் வேகம் கீழே இருக்கும்போது முடிந்தால் ஏறுவது கஷ்டம்.

இப்போது அந்த மாற்றம். ஆழத்தில் சுவாசிக்கும்போது உடம்பில் கரையும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் உயரத்துக்குப் போனால் அது குமிழாகும். அதனால் ஒரே ஒரு டைவுக்குப்பின் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் செய்தால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது பொது வழிகாட்டுதல். விமானத்தை எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள், மலையை மறந்துவிடுவார்கள். நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேல் உயரம். காலையில் திருகோணமலையில் டைவ், சாயங்காலம் நுவரெலியாவில் தேநீர் என்று திட்டம் போட்டால் அதே ஆபத்துதான். எங்கள் முதல் திட்டம் அப்படித்தான் இருந்தது. மலையை முதலிலும் கடலைக் கடைசியிலும் வைத்து, டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாள் விட்டோம்.

பாறை உயிரோடு இருக்கிறதா?

கடல் அமைதியாக இருக்கும் மாதங்களுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் காற்றில்லாத கடல் வெயிலில் சூடேறிக்கொண்டே போகும். வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால் போதும், பவளம் தனக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 1998-ல் ஹிக்கடுவையும் மாலத்தீவும் இப்படித்தான் பெருமளவு இழந்தன. 2010-ல் அந்தமான், 2024-ல் லட்சத்தீவு. தெளிவான தண்ணீருக்கு அடியில் செத்த பாறையும் இருக்கலாம்.

பார்த்தால் கண்டுபிடிக்கலாம். பளிச்சென்று வெள்ளையாக இருப்பது வெளுத்த பவளம். அது இன்னும் சாகவில்லை, சூடு தணிந்தால் தேறலாம். பழுப்புப் பாசி போர்த்தி, மங்கிக் கிடப்பது செத்தது. குச்சி குச்சியாக உடைந்து தரையில் குவிந்திருப்பது பெரும்பாலும் நங்கூரமும் மனிதக் கால்களும் செய்த வேலை. புறாமலையிலேயே ஒரு பக்கம் அப்படித்தான் இருந்தது, இன்னொரு பக்கம் மான்கொம்புப் பவளம் உயிரோடு நின்றது. எந்தப் பக்கம் என்று படகுக்காரரிடம் கேட்டால்தான் தெரியும். விளம்பரப் படத்தில் அந்த ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும்.

உங்கள் விடுமுறை எப்போது?

*டிசம்பர் கடைசி, பொங்கல்:* ஹிக்கடுவை, உனவட்டுன, மாலத்தீவு, லட்சத்தீவு, அந்தமான். டிசம்பரில் அந்தமானில் வாடையின் மிச்சம் இருக்கலாம், ஜனவரி பாதிக்குமேல் நல்லது. திருகோணமலை வேண்டாம்.

*பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை:* பெரும்பாலான இடங்களில் கடல் அமைதி. முதல்முறை போகிறவர்களுக்கு அந்தமான் நல்ல தேர்வு. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் சுமார் இரண்டு மீட்டர் ஏறி இறங்கும். வற்றும் நேரத்தில் கரையோரப் பவளத்துக்கு மேல் நீந்தவே தண்ணீர் இருக்காது, ஏற்றநேரம் கேட்டுப் போங்கள்.

*மே இரண்டாம் பாதி முதல் செப்டம்பர் வரை:* திருகோணமலை. நீந்தத் தெரிந்தவர்களுக்கு மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடா: ஜூன் முதல் நவம்பர் வரை மிதவை உயிரிகள் பெருகித் தண்ணீர் சற்றுக் கலங்கும், அதைத் தின்ன மான்டா திருக்கைகள் கூட்டமாக வரும். அங்கே ஸ்கூபாவுக்குத் தடை, ஸ்நார்கெலிங் மட்டும்.

*அக்டோபர், நவம்பர்:* காற்று மாறும் காலம், முன்பணம் கட்டாமல் திட்டமிடுங்கள்.

நான்காம் நாள்

எங்களுக்கு நான்காம் நாள் காலையும் ஒரு படகு பேசியிருந்தது. மகளுக்கு இன்னொரு தடவை சுறாக் குட்டி பார்க்க வேண்டும். ஆறரை மணிக்குக் கரைக்குப் போனால், படகுக்காரர் படகைத் தள்ளவே இல்லை. இரவு தூரத்தில் எங்கோ மழை. தண்ணீரில் மாலை நேரத்து மூட்டம்போல ஒரு சாயல், கரையோரம் நுரை. "இண்டைக்கு வேண்டாம் தம்பி. போனா போகலாம். ஒண்டும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, முதல் நாள் வாங்கிய முன்பணத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார்.

ஹேவ்லாக்கில் பணத்தை எண்ணிக்கொண்டே பேசிய அந்த மனிதர் எனக்கு ஞாபகம் வந்தார். புதிய இடத்தில் யாரோடு கடலுக்குப் போகலாம் என்று இப்போது யார் கேட்டாலும், நான் ஒரு கேள்வியைச் சொல்லிக்கொடுக்கிறேன்: "கடைசியாக எந்த நாள் நீங்கள் படகை எடுக்கவில்லை, ஏன்?" பதில் சட்டென்று வந்தால் அவரோடு போங்கள். மகள் மட்டும் சமாதானமாகவில்லை. அன்று முழுக்க மாஸ்க்கை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கரையில் உட்கார்ந்து, தண்ணீர் எப்போது தெளியும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.